ஒரே அட்சரேகை, நாலு ஊர், நாலு விதமான மழை: பருவக்காற்று, நீரோட்டம், காலநிலை வகை கேள்விகளை எப்படி யோசிக்கணும்

மங்களூர், பெங்களூர், சென்னை, லிமா. முதல் மூணும் நம்ம பக்கத்து ஊர், நாலாவது தென் அமெரிக்காவுல பெரு நாட்டோட தலைநகரம். மேப்ல பாத்தா நாலுமே நிலநடுக்கோட்டுல இருந்து 12, 13 டிகிரி தூரத்துலதான் இருக்கு, நம்ம மூணு ஊரும் வடக்கே, லிமா தெற்கே. சூரியன் நாலு ஊருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வெயில் குடுக்குது. ஆனா மங்களூர்ல வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல மழை, பெங்களூர்ல ஆயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி, சென்னையில 1,400 சுமார், லிமாவுல 20 மில்லிமீட்டர் கூட வராது. இத்தனைக்கும் லிமா நடுப் பாலைவனத்துல இல்ல, பசிபிக் கடலோரத்துல இருக்கு, காத்துல ஈரம் நம்ம சென்னை மாதிரியே பிசுபிசுன்னு இருக்கும்.

போட்டித் தேர்வு ஜியாகரபில பருவக்காற்று ஒரு பாடம், கடல் நீரோட்டம் வேற பாடம், காலநிலை வகை இன்னொரு பாடம்னு தனித்தனியா படிச்சிட்டுப் போறதாலதான் "கூற்று, காரணம்" கேள்வி வந்தா தடுமாறுறோம். அங்க கேக்குறது அந்த மூணுக்கும் நடுவுல இருக்குற தொடர்பத்தான். அந்தத் தொடர்ப இந்த நாலு ஊரை வெச்சே பாத்துரலாம்.

## முதல்ல அடிப்படை: மழைக்கு என்னென்ன வேணும்

எந்த ஊர் மழையா இருந்தாலும் கேக்க வேண்டியது மூணே கேள்விதான்:

1. அந்த சீசன்ல காத்து எங்க இருந்து வருது, வர வழியில வெதுவெதுப்பான கடல் இருக்கா? அதாவது ஈரம் இருக்கா.
2. அந்த ஈரக்காத்த மேல தூக்க ஏதாவது இருக்கா? மலை தூக்கலாம், காற்றழுத்தத் தாழ்வு தூக்கலாம், தரையோட சூடு தூக்கலாம்.
3. தூக்க விடாம மேல ஏதாவது மூடி போட்ட மாதிரி அமுக்குதா?

நிறைய பேரு முதல் கேள்வியோட நிறுத்திடுறாங்க, கடல் பக்கத்துல இருக்கு அதனால மழை வரும்னு. ஆனா ஈரம் மட்டும் இருந்தா புழுக்கம்தான் வரும், மழை வராது. காத்து மேல போனாதான் குளிரும் (ஈரமில்லாத காத்து ஒரு கிலோமீட்டர் ஏறுனா சுமார் 10 டிகிரி குளிரும்), குளிர்ந்தாதான் அதுல இருக்குற நீராவி மேகமா மாறும். அதே காத்து மலைக்கு அந்தப் பக்கம் கீழ இறங்குனா அதே கணக்குல திரும்ப சூடாகும், மேகம் கரைஞ்சிடும். மழை மறைவுப் பகுதின்னு புக்குல சொல்றது இதத்தான். மலை காத்த தடுத்து நிறுத்திடுச்சுன்னு நினைக்கக் கூடாது, காத்து தாண்டிதான் வருது, ஆனா ஈரத்த அந்தப் பக்கமே இறக்கி வெச்சிட்டு, இறங்கும்போது சூடாகி வறண்டு போய் வருது.

## மங்களூரும் பெங்களூரும்

இது சுலபமான ஜோடி. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடல் மேல ரொம்ப தூரம் வந்து மேற்குக் கடற்கரையில நேரா மோதுது, மோதுன உடனே மேற்குத் தொடர்ச்சி மலை செங்குத்தா நிக்குது (குதிரேமுகம் சிகரமே 1,894 மீட்டர்), காத்து ஏறியே ஆகணும். ஈரமும் இருக்கு, தூக்குறதுக்கு மலையும் இருக்கு, அதனால வருஷ மழையில பெரும்பங்கு அந்த நாலு மாசத்துலயே கொட்டிடுது.

ரோட்ல சுமார் 350 கிலோமீட்டர் கிழக்கே வந்தா பெங்களூர், மலைக்கு மறுபக்கம், மழை மூணுல ஒரு பங்குக்கும் கம்மி. கவனிக்க வேண்டியது என்னன்னா பெங்களூர்ல அதிக மழை வர்றது ஜூன் ஜூலையில இல்ல, பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர்ல. ஏன்னா பருவக்காற்று உச்சத்துல இருக்கும்போது மலையேறி வறண்டு வர மேற்குக் காத்துதான் அங்க வீசுது, அந்த வேகம் குறைஞ்ச பிறகுதான் மதியத்துச் சூட்டுல காத்து எழும்பி இடிமழையா வருது. ஒரு ஊருக்கு எந்த மாசம் மழைன்னு குடுத்து காரணம் கேட்டா இந்த மாதிரிதான் பின்னாடி போய் யோசிக்கணும், மொத்த மில்லிமீட்டர விட மாசக் கணக்குலதான் காரணம் தெரியும்.

## சென்னை: இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க

சென்னைய மூணு துண்டா பிரிச்சுப் பாக்கணும்.

1. ஜூன் முதல் செப்டம்பர். நாடு முழுக்க மழை பெய்யும்போது தமிழ்நாட்டுக் கடற்கரை ஏன் காயுது? இதுக்கு ரெண்டு காரணம், ரெண்டையும் எழுதணும். அரபிக்கடல் கிளைக்கு நாம மழை மறைவுல இருக்கோம், அது ஒண்ணு. வங்கக்கடல் கிளை நம்ம கடற்கரைக்கு இணையா வங்காளம், மியான்மர் பக்கம் போயிடுது, நம்ம மேல மோதுறதே இல்ல, அது ரெண்டாவது. இந்த "இணையா போகுது"ங்கற வார்த்தைய மறந்துட்டு மழை மறைவு மட்டும் எழுதுனா பாதி பதில்தான். ராஜஸ்தான்ல ஆரவல்லி மலை இருந்தும் ஏன் மழை கம்மின்னு கேட்டாலும் இதே லாஜிக்தான், அரபிக்கடல் கிளை போற திசைக்கு இணையா ஆரவல்லி கிடக்குது, குறுக்க நின்னாதான காத்து ஏறும்.

ஆனா இங்க ஒரு திருத்தம். தென்மேற்குப் பருவமழை காலத்துல சென்னையில மழையே இல்லன்னு ஆப்ஷன்ல குடுத்தா அது தப்பு. அந்த நாலு மாசத்துல 400 மில்லிமீட்டருக்கு மேலயே வருது, எல்லாம் சாயங்காலம் ராத்திரி இடிமழைதான். பகல்ல மேற்குல இருந்து வர வறண்ட சூடான காத்தும், மதியத்துக்கு மேல கடல்ல இருந்து வர ஈரமான கடல்காத்தும் ஒண்ணுக்கொண்ணு மோதுற இடத்துல காத்து எழும்புது, அங்க மேகம் கட்டுது. அதனாலதான் அந்த மழை ஒரு ஏரியாவுல பேயுறப்ப அடுத்த ஏரியா காஞ்சு கிடக்குது.

2. அக்டோபர் முதல் டிசம்பர். வடமேற்கு இந்தியாவுல இருந்த தாழ்வழுத்தம் செப்டம்பர் கடைசியில பலம் இழக்குது, அது தெற்க நகந்து வங்கக்கடல் பக்கம் வருது, காத்து திசை மாறி வடகிழக்குல இருந்து வீச ஆரம்பிக்குது. இந்தக் காத்து ஆசிய நிலப்பரப்புல கிளம்பும்போது வறண்டதுதான், வங்கக்கடல கடக்கும்போது ஈரத்த எடுத்துக்குது, அந்த சமயத்துல கடல் மேற்பரப்பு 28, 29 டிகிரி சூட்டுல இருக்கும். தமிழ்நாட்டுக்கு வருஷ மழையில கிட்டத்தட்ட பாதி (சுமார் 48 சதவீதம்) இந்த மூணு மாசத்துல வருது, சென்னை மாதிரி கடலோரத்துல இன்னும் அதிகம்.

சரி, ஈரம் வந்துருச்சு, தூக்குறது யாரு? கிழக்குத் தொடர்ச்சி மலைன்னு எழுதுறாங்க, அது அங்கங்க விட்டு விட்டு உயரம் கம்மியா கிடக்குற மலை, கடற்கரைய விட்டும் தள்ளி இருக்கு, சென்னைக்கு மழை குடுக்குற அளவுக்கு அதால தூக்க முடியாது. தூக்குறது வங்கக்கடல்ல உருவாகுற தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல், கிழக்கிலிருந்து அலை அலையா வர காற்றழுத்த மாற்றங்கள், இதெல்லாம்தான். இதுலதான் ரெண்டு பருவமழைக்கும் இருக்குற பெரிய வித்தியாசமே. மலை எப்பவும் அங்கயே நிக்கும், அதனால மங்களூர்ல தினம் தினம் மழை. தாழ்வு மண்டலம் வந்தாதான் உண்டு, அதனால சென்னையில நாலு நாள் கொட்டும் பத்து நாள் வெயில் அடிக்கும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையில தாம்பரத்துல 24 மணி நேரத்துல 49 சென்டிமீட்டர் பதிவாச்சு. அதுக்கு அடுத்த வருஷம் 2016ல கடல்ல அந்த அளவுக்கு சிஸ்டம் கரைக்கு வரல, தமிழ்நாட்டுல வடகிழக்குப் பருவமழை இயல்ப விட 62 சதவீதம் குறைஞ்சுது. காத்து ரெண்டு வருஷமும் வடகிழக்குல இருந்துதான் வீசுச்சு.

3. ஜனவரி முதல் மார்ச். என்னைக் கேட்டா இதுதான் இருக்குறதுலயே நல்ல கேள்வி, ஒருத்தருக்குப் புரிஞ்சிருக்கா மனப்பாடமான்னு இதுல தெரிஞ்சிடும். ஜனவரியிலயும் வடகிழக்குக் காத்துதான் வீசுது, அதே வங்கக்கடல் மேலதான் வருது, ஆனா சென்னையில மழை நின்னுடுது, பிப்ரவரி மார்ச்ல சில மில்லிமீட்டர்தான். ஏன்? ரெண்டு அரைக்கோளத்துக் காத்தும் சந்திக்கிற மேகப்பட்டை, ஐடிசிஇசட்னு சொல்றது, அது சூரியனுக்குப் பின்னாடியே தெற்க போயிடுச்சு. தூக்குற சிஸ்டம் எல்லாம் அது பக்கத்துலதான் உருவாகும், அதுவும் கூடவே தெற்க போயிடுது. நமக்கு மேல காத்து கீழ இறங்க ஆரம்பிக்குது, கடலும் கொஞ்சம் குளிர்ந்துடுது. ஈரம் இருக்கு, தூக்கல் இல்ல, அதனால மழை இல்ல.

இது சரியான்னு செக் பண்ண இலங்கைக்குப் போனா போதும். மட்டக்களப்பு சென்னைக்கு ஐந்து டிகிரிக்கு மேல தெற்க இருக்கு, அங்க டிசம்பர்லதான் மழை உச்சத்துக்கு வருது, ஜனவரியிலயும் நல்லா பெய்யும். சென்னையில உச்சம் நவம்பர். மேகப்பட்டை தெற்க நகர நகர மழையும் கூடவே நகருது, அவ்ளோதான்.

## லிமா: கடலோரத்துல பாலைவனம் எப்படி

இப்ப லிமாவுக்கு அதே மூணு கேள்விய போடலாம். ஈரம் இருக்கு, காத்துல ஈரப்பதம் நிறையவே இருக்கு. பிரச்சினை ரெண்டாவது மூணாவது கேள்வியில.

பெரு கடற்கரைய ஒட்டி தெற்குல இருந்து வடக்க ஹம்போல்ட் நீரோட்டம் (பெரு நீரோட்டம்னும் சொல்வாங்க) ஓடுது, குளிர்ந்த நீரோட்டம். குளிர்ந்த பகுதியில இருந்து வரதால மட்டும் அது குளிரா இல்ல. அங்க கடற்கரைக்கு இணையா தெற்குல இருந்து வடக்க காத்து வீசிக்கிட்டே இருக்கும், பூமி சுத்துறதால தென் அரைக்கோளத்துல மேல்மட்டத் தண்ணி காத்துத் திசைக்கு இடது பக்கமா தள்ளப்படுது, அதாவது கரைய விட்டு விலகி மேற்க போகுது, அந்த எடத்த நிரப்ப அடியில இருந்து சில்லுன்னு தண்ணி மேல வருது. அடிநீர் மேலெழுதல்னு சொல்றது இதுதான். அந்தத் தண்ணியில சத்து அதிகம், அதனால மீன் அதிகம், பெரு மீன்பிடியில பெரிய நாடா இருக்குறதுக்கும் இதே காரணம், இதையும் சேத்தே கேப்பாங்க.

இப்ப மழைக்கு வரலாம். கடல் சில்லுன்னு இருந்தா அதத் தொட்டுக்கிட்டு இருக்குற காத்தும் சில்லுன்னு ஆகுது, குளிர்ந்த காத்து கனமானது, அது எழும்பாது. அதுக்கு மேல, தென் பசிபிக்ல நிரந்தரமா இருக்குற உயரழுத்தத்தால மேல இருந்து காத்து இறங்கிக்கிட்டே இருக்கு, இறங்குற காத்து சூடாகும்னு முதல்லயே பாத்தோம். அதனால கீழ குளிர், மேல சூடு, வழக்கத்துக்குத் தலைகீழ். வெப்பத் தலைகீழ் மாற்றம்னு புக்குல இருக்கும், மூணாவது கேள்வியில கேட்ட மூடி இதுதான். ஈரம் அந்த மூடிக்குக் கீழயே மாட்டிக்குது. லிமாவுல குளிர்காலம் முழுக்க வானம் சாம்பல் நிறத்துல மூடியே கிடக்கும், மூடுபனியும் தூவானமும் இருக்கும், கருவான்னு அதுக்கு உள்ளூர்ல பேரு, ஆனா மழைன்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் விழாது.

கிழக்குல இருந்தாவது மழை வரலாமே, அமேசான் காடு அந்தப் பக்கம்தான இருக்குன்னு கேக்கலாம். நடுவுல ஆண்டிஸ் மலை நிக்குது, அட்லாண்டிக்ல இருந்து வர வியாபாரக் காத்து ஈரத்த எல்லாம் மலையோட கிழக்குச் சரிவுல இறக்கிடுது. அதனால லிமாவுக்கு மூணு காரணம் ஒண்ணு சேருது: இறங்குற காத்து, குளிர் நீரோட்டம், மழை மறைவு.

இத ஏன் இவ்ளோ விரிவா சொல்றேன்னா, "குளிர் நீரோட்டம் பாலைவனத்த உருவாக்குது"ன்னு ஒரே வரியில படிச்சிட்டுப் போறது ரொம்ப ஆபத்து. அட்டகாமா, நமீப் (அங்க பெங்குவேலா நீரோட்டம்), சகாராவோட மேற்கு ஓரம் (கேனரி நீரோட்டம்) எல்லாத்துலயும் அடிப்படைக் காரணம் இறங்குற காத்துதான், குளிர் நீரோட்டம் அத இன்னும் கெட்டியாக்குது, மழையக் குறைச்சு மூடுபனியக் கூட்டுது. தார் பாலைவனத்துக்குப் பக்கத்துல எந்தக் குளிர் நீரோட்டமும் இல்ல, சகாராவோட நடுப்பகுதிக்குக் கடலே பக்கத்துல இல்ல, ஆனாலும் பாலைவனம்தான். அதே சமயம் மகர ரேகை ஓரமா சிலியோட அன்டோஃபகாஸ்டாவயும் பிரேசிலோட சான்டோஸையும் எடுத்துப் பாருங்க, ஒரே அட்சரேகை, முதல் ஊரு கண்டத்துக்கு மேற்குல குளிர் நீரோட்டத்துல, வருஷத்துக்கு சில மில்லிமீட்டர். ரெண்டாவது கிழக்குல வெப்ப நீரோட்டத்துல, காத்தும் கடல்ல இருந்து உள்ள வருது, 2,000 மில்லிமீட்டருக்கு மேல.

## நம்ம கடல்ல மட்டும் நீரோட்டம் திரும்புது

பசிபிக்கும் அட்லாண்டிக்கும் வருஷம் முழுக்க ஒரே திசையில காத்து வாங்குது, அதனால நீரோட்டமும் ஒரே திசை. இந்தியப் பெருங்கடலோட வட பகுதியில காத்தே ஆறு மாசத்துக்கு ஒரு தடவ திரும்புது, அதனால நீரோட்டமும் திரும்புது. சோமாலி நீரோட்டம் கோடையில வடகிழக்கா ஓடும், குளிர்காலத்துல தென்மேற்கா ஓடும். கோடையில அது ஓடும்போது சோமாலியா, ஓமன் கரையில அடிநீர் மேல வந்து கடல் குளிர்ந்துடுது, நிலநடுக்கோட்டுக்கு அவ்ளோ பக்கத்துல இருந்தும் அந்தக் கரை வறண்டு கிடக்குறதுக்கு அதுவும் ஒரு காரணம். அப்ப நம்ம மழை கெடலையான்னா, இல்ல, அந்தக் காத்து இந்தியா வரதுக்குள்ள அரபிக்கடலோட வெதுவெதுப்பான நடுப்பகுதியையும் கிழக்குப் பகுதியையும் கடந்து வருது, அங்க ஈரத்த ஏத்திக்குது.

## எல் நினோ: காரணம் சரியான்னு இயற்கையே வெக்கிற டெஸ்ட்

பெருவுல மழை இல்லாததுக்குக் குளிர்ந்த கடல் காரணம்னா, அந்தக் கடல் சூடான வருஷத்துல மழை வரணும்ல? வருது. வியாபாரக் காத்து பலவீனமாகி வெதுவெதுப்பான தண்ணி கிழக்க நகர்ந்து பெரு கரைக்கு வரதுதான் எல் நினோ. 1983லயும் 1998லயும் பெருவோட வடக்குல வெள்ளம், 1998ல செச்சுரா பாலைவனத்துல தற்காலிகமா ஒரு பெரிய ஏரியே உருவாச்சு. ஆண்டிஸ் மலை நகரல, அட்சரேகை மாறல, கடல் சூடு மட்டும்தான் மாறுச்சு.

அதே எல் நினோ இந்தியாவுல தென்மேற்குப் பருவமழையக் குறைக்கும்னு படிச்சிருப்போம், ஆனா "இந்தியாவுல மழை குறையும்"னு பொதுவா எழுதுனா தமிழ்நாட்டு விஷயத்துல தப்பாயிடும். எல் நினோ வருஷங்கள்ல வடகிழக்குப் பருவமழை கூடுற போக்குதான் அதிகம், 1997, 2015 ரெண்டும் அப்படித்தான். தென்மேற்குப் பருவமழையிலயும் அது கட்டாய விதி இல்ல. 1997 எல் நினோ ரொம்பப் பலமானது, ஆனாலும் நாட்டோட தென்மேற்குப் பருவமழை இயல்ப ஒட்டியே இருந்துச்சு, அந்த வருஷம் இந்தியப் பெருங்கடலோட மேற்குப் பக்கம் சூடா கிழக்குப் பக்கம் குளிரா இருந்தது (இருமுனை நிலை, ஐஓடி பாசிட்டிவ்) அத ஈடுகட்டினதா விளக்கம் சொல்றாங்க. அதனால ஆப்ஷன்ல "எப்போதும்", "கண்டிப்பாக"ன்னு வந்தா ஒரு தடவைக்கு ரெண்டு தடவ யோசிங்க.

## கோப்பன் எழுத்து எங்க இருந்து வருது

கோப்பன் வகைப்பாடு காரணத்தப் பாக்காது, மழை, வெப்பநிலை எண்கள மட்டும்தான் பாக்கும். அதனால எழுத்த மனப்பாடம் பண்றத விட கணக்கு போட்டா மறக்காது. A வகைன்னா குளிரான மாசமும் 18 டிகிரிக்கு மேல இருக்கணும். அதுல மழை குறைவான மாசமும் 60 மில்லிமீட்டராவது வந்தா Af. வரலைன்னா இந்தக் கணக்கு:

```
எல்லை = 100 - (P / 25)
```

இதுல P வருஷ மழை, மில்லிமீட்டர்ல. வறண்ட மாச மழை இந்த எல்லைய விட அதிகம்னா Am, கம்மின்னா Aw, As ரெண்டுல ஒண்ணு.

மங்களூருக்கு 100 - 3500/25 = -40. எல்லையே மைனஸ்ல போயிடுச்சு, அதனால வறண்ட மாசத்துல சொட்டு மழை இல்லைன்னாலும் அது Am. வருஷத்து மொத்த மழை அவ்ளோ இருந்தா மண்ணுல ஈரம் நிக்கும், காடு தாங்கும்ங்கறதுதான் இந்தக் கணக்கோட அர்த்தம். சென்னைக்கு 100 - 1400/25 = 44. பிப்ரவரி மார்ச்ல 44க்குப் பக்கத்துல கூட வராது, அதனால Am இல்ல.

மீதி கேள்வி வறட்சி எந்த சீசன்ங்கறது. குளிர்காலம் வறண்டா Aw, கோடை வறண்டா As. நம்ம பாடப்புத்தகங்கள்ல சோழமண்டலக் கடற்கரைக்கு As தான், பரீட்சையில அதையே போடுங்க. ஆனா சில உலக வரைபடங்கள்ல சென்னைய Aw னு போட்டிருப்பாங்க, அதப் பாத்துக் குழம்ப வேணாம். சென்னையோட வறண்ட மாசம் பிப்ரவரி, மார்ச்ல விழுறதால அது எல்லைக்கோட்டுலயே நிக்குற ஊர்.

## ஒரு மாதிரிக் கேள்வி

கூற்று: சோழமண்டலக் கடற்கரை அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதிக மழை பெறுகிறது.
காரணம்: அக்காலத்தில் வடகிழக்குக் காற்று வங்கக்கடல் மீது வீசி ஈரத்தைப் பெறுகிறது.

கூற்று சரி. காரணமும் சரி, கூற்றுக்கு விளக்கமும் அதுதான், ரெண்டும் சரி விளக்கமும் சரிங்கற ஆப்ஷன்தான் பதில். இப்ப காரணத்துல ஒரு வரிய மாத்திப் பாருங்க: "அக்காலத்தில் வடகிழக்குக் காற்று கிழக்குத் தொடர்ச்சி மலையில் மோதி மழை தருகிறது." ஈரம் பத்தின பகுதி போயி தூக்குற வேலைய மலைக்குக் குடுத்துட்டாங்க, இப்ப கூற்று சரி, காரணம் தப்பு. இன்னொண்ணு: "அக்காலத்தில் ஐடிசிஇசட் தெற்கு நோக்கி நகர்கிறது." இது உண்மை, விளக்கமும் கூட, ஏன்னா தாழ்வு மண்டலங்கள் அதோடதான் தென் வங்கக்கடலுக்கு வருது. கடைசியா இது: "அக்காலத்தில் வட இந்தியாவில் வெப்பநிலை குறைகிறது." தனியா உண்மைதான், சங்கிலியோட முதல் கண்ணியும் அதுதான், ஆனா அங்க இருந்து சென்னையில விழுற மழைக்கு வர நடுவுல அழுத்தம், காத்துத் திசை, ஈரம், தூக்கல்னு நாலு படி விட்டுப்போகுது. நேரடியா ஈரத்தையோ தூக்கலையோ சொல்ற ஆப்ஷன் பக்கத்துல இருந்தா அதைத்தான் எடுக்கணும்.